வாட்சில் அமுக்கினால் போனில் பாட்டு ஏன் நிற்கவில்லை?

ஸ்மார்ட் வாட்சில் பாட்டுக்கான பக்கத்தைத் திறந்து நிறுத்தும் பட்டனைத் தொடுகிறோம். போனில் பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு முறை தொடுகிறோம், கொஞ்சம் அழுத்தியும் தொடுகிறோம். ஒன்றும் நடப்பதில்லை. வாட்ச் பழுதென்று முடிவுகட்டி, டப்பாவையும் பில்லையும் தேடத் தொடங்குகிறோம். பெரும்பாலும் வாட்சில் ஒரு கோளாறும் இருக்காது. அது தன் வேலையைச் செய்துவிட்டது, சொன்ன சேதிதான் வழியில் எங்கோ நின்றுபோனது.

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற வாட்சும் ஆண்ட்ராய்டு போனும்தான் நம் ஊரில் அதிகம் காணும் ஜோடி. அதையே எடுத்துக்கொள்வோம். போனில் எந்தப் பாட்டு ஆப் ஓடுகிறது என்று இந்த வாட்சுக்குத் தெரியாது. பட்டனைத் தொட்டதும் அது புளூடூத் வழியாகச் சின்னதாக ஒரு குறிப்பை அனுப்பும். வாட்சோடு சேர்த்து போனில் நிறுவினோமே, அந்த வாட்ச் ஆப்தான் குறிப்பை வாங்கிக்கொள்ளும். அது ஆண்ட்ராய்டிடம் சொல்ல, ஆண்ட்ராய்டு பாட்டு ஆப்பிடம் சொல்லும். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் இதற்கென்று ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. பாட ஆரம்பிக்கும் ஆப், ‘மீடியா செஷன்’ என்ற ஒன்றை ஆண்ட்ராய்டிடம் பதிவு செய்கிறது. பாட்டின் பெயர், பாடியவர், இப்போது ஓடுகிறதா நிற்கிறதா, எந்தெந்தப் பட்டனுக்குத் தான் கட்டுப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கும். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் பாட்டின் படத்தோடு ஒரு அட்டை தெரிகிறதே, அது இந்தப் பதிவிலிருந்து வருவதுதான்.

ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் மீடியா செஷனைப் பார்க்க வேண்டுமானால், பார்க்கிற ஆப்புக்கு நோட்டிபிகேஷன்களைப் படிக்கும் அனுமதி இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி. அமைப்புகளில் இதன் பெயர் ‘Notification access’. பாட்டை நிறுத்துவதற்கும் நோட்டிபிகேஷனைப் படிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றும். அதனாலேயே வாட்சை முதன்முதலாக இணைக்கும்போது வரிசையாக வரும் கேள்விகளில் இதற்கு மட்டும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, பிறகு பட்டனைத் திட்டுகிறவர்கள் அநேகம்.

சேதி எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க வாட்சிலேயே ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. அதுதான் ஒலியளவுப் பட்டன். போனின் ஒலியை ஏற்றி இறக்க வாட்ச் ஆப்புக்குப் பெரும்பாலும் அந்த அனுமதி தேவைப்படாது. ஆகவே ஒலி கூடிக் குறைகிறது, ஆனால் பாட்டின் பெயர் வாட்சில் வரவில்லை, நிறுத்தும் பட்டனும் கேட்கவில்லை என்றால் புளூடூத் நன்றாக இருக்கிறது, ஆப்பும் உயிரோடு இருக்கிறது, அனுமதியில்தான் சிக்கல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒலியும் அசையவில்லை, வாட்சிலிருந்து போனைத் தேடும் வசதியும் போனை அலறவைக்கவில்லை என்றால் சேதி ஆப் வரைக்கும்கூட வந்துசேரவில்லை. பெயர் ஒழுங்காகத் தெரிந்து, ஒரே ஒரு பட்டன் மட்டும் முரண்டு பிடித்தால் பாட்டு ஆப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். காலை நடையில் போன் பைக்குள், பாட்டு காதில், கட்டுப்பாடு மணிக்கட்டில். வாட்ச் ஆப் புதிய பதிப்புக்கு மாறிய பிறகு ஒருநாள் பட்டன்கள் நின்றுவிட்டன. “தம்பி, சத்தம் மட்டும் கூடுது, குறையுது. பாட்டு நிக்க மாட்டேங்குது” என்றார். பாதிக் காரணத்தை அவரே சொல்லிவிட்டார். ‘Notification access’ பக்கத்தைத் திறந்தால் வாட்ச் ஆப்புக்கு எதிரே அனுமதி தரப்பட்டிருப்பதாகத்தான் காட்டியது. பலர் இங்கேதான் ஏமாந்துபோவார்கள். ஆப் புதுப்பிக்கப்பட்டதும் அனுமதி ஏட்டில் அப்படியே இருக்கும், ஆனால் ஆண்ட்ராய்டுக்கும் அந்த ஆப்புக்கும் நடுவிலுள்ள தொடர்பு சில சமயம் அறுந்துபோயிருக்கும். அதை அணைத்து, சில நொடி விட்டு, மறுபடி போட்டோம். ஓடிக்கொண்டிருந்த பாட்டின் பெயர் வாட்சில் வந்து நின்றது, பட்டனும் கேட்டது.

சில நாளில் மறுபடி வந்தார். “இப்ப சத்தமும் அசைய மாட்டேங்குது சார் வாட்சுல. ஆனா சாயங்காலம் நல்லா இருக்கு, காலையிலதான் இப்படி.” இது வேறு நோய். இரவெல்லாம் தொடாமல் கிடந்த போன், பேட்டரியை மிச்சம் பிடிக்க வாட்ச் ஆப்பைத் தூங்கவைத்திருந்தது. பகலில் அவர் எப்போதாவது அந்த ஆப்பைத் திறந்து எத்தனை அடி நடந்தோம் என்று பார்ப்பார், உடனே எல்லாம் சரியாகிவிடும். அந்த ஆப்பின் விவரப் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் ‘Unrestricted’ என்று மாற்றினோம். சில நிறுவனங்களின் போனில் ‘Autostart’ என்று தனியாக இன்னொன்றும் இருக்கும், அதையும் அந்த ஆப்புக்குத் திறந்துவிட வேண்டும். போனை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் ‘கிளீனர்’ வகை ஆப்கள் இருந்தால் தூக்கிவிடுவது நல்லது. அவை முதலில் கொல்வதே இப்படிப் பின்னணியில் காத்திருக்கும் ஆப்களைத்தான்.

அனுமதி தரப் போனால் அந்தப் பொத்தானே மங்கலாக, தொட முடியாமல் இருப்பதும் உண்டு. வாட்ச் டப்பாவிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, பிளே ஸ்டோர் அல்லாத இணையதளத்திலிருந்து ஆப்பை இறக்கியிருந்தால் இப்படி நடக்கும். ஆண்ட்ராய்டு 13 முதல், அப்படி வெளியிலிருந்து வந்த ஆப்களுக்கு இந்த அனுமதி சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆப்பின் விவரப் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘Allow restricted settings’ என்று கொடுத்தால் பூட்டு திறக்கும். திறக்கலாம் என்றாலும், நான் அதைச் சொல்ல மாட்டேன். அதே ஆப் பிளே ஸ்டோரில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பழையதை நீக்கிவிட்டு அங்கிருந்து போடுவதே முறை. இந்த அனுமதியைப் பெற்ற ஆப், பாட்டின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. வங்கி அனுப்பும் ஓடிபி, வாட்ஸ்அப் செய்தி என்று நோட்டிபிகேஷனில் வருகிற பலவற்றையும் பல போன்களில் அதனால் படிக்க முடியும். யார் தயாரித்தது என்றே தெரியாத ஆப்புக்கு, ஒரு பாட்டை நிறுத்துவதற்காக இவ்வளவும் திறந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, ஒரு பட்டன் மட்டும் கேட்காத கதை. அடுத்த பாட்டுக்கான பட்டனை அமுக்கினால் நகரவில்லையா? காசு கட்டாமல் பயன்படுத்தும் பாட்டுச் சேவைகளில் தாவுவதற்குக் கட்டுப்பாடு இருக்கலாம். போனிலேயே அந்தப் பட்டனைத் தொட்டுப் பாருங்கள், அங்கேயும் நகராது. முந்தைய பாட்டுக்கான பட்டனில் வேறு வேடிக்கை. பாட்டு தொடங்கிச் சில நொடி ஆகிவிட்டால், பல ஆப்களில் முதல் அமுக்கு அதே பாட்டைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும், உடனே இன்னொரு முறை அமுக்கினால்தான் முந்தைய பாட்டு வரும். யூடியூபில் சந்தா இல்லாமல் பாட்டுக் கேட்பவர்களுக்கு, திரை அணைந்ததும் பாட்டு நின்றுவிடும். அதன் பிறகு வாட்சில் எத்தனை முறை தொட்டாலும் பலன் இல்லை. இதில் வாட்ச் ஆப்பில் எதை மாற்றியும் பயன் கிடையாது.

ஒலியளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பாட்டின் ஒலிக்கு 15 படிகள்தான் உண்டு. வாட்ச் நூறு வரை எண் காட்டினாலும் போன் அந்தப் படிகளில்தான் ஏறும். வாட்சில் எண் லேசாக நகர்ந்து காதில் வித்தியாசம் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். இன்னொன்று, போனின் சொந்த ஸ்பீக்கருக்கும் புளூடூத் இயர்போனுக்கும் ஆண்ட்ராய்டு தனித்தனி அளவை நினைவில் வைத்துக்கொள்கிறது. பாட்டு எதில் கேட்கிறதோ அதன் அளவுதான் மாறும். அழைப்பு மணிச் சத்தம் இதில் சேராது. பேசும் வசதியுள்ள வாட்சில் அமைப்புகளுக்குள் இருக்கும் ஒலியளவோ வாட்சின் சொந்த ஸ்பீக்கருக்கானது. அதை எவ்வளவு குறைத்தாலும் போனில் ஓடும் பாட்டு குறையாது.

பேசும் வசதியுள்ள வாட்சுகளில் இன்னொரு தொல்லையும் வரும். அவை போனோடு இரண்டு வழியில் இணைகின்றன. ஆப் வழியாக ஒன்று, அழைப்புக்காக ஒரு ஹெட்செட்டைப் போலப் புளூடூத் பட்டியலில் இன்னொன்று. இந்த இரண்டாவது இணைப்பில் பாட்டும் சேர்ந்துகொண்டால், போனிலோ காதிலோ கேட்க வேண்டிய பாட்டு மணிக்கட்டில் கீச்சுக்குரலில் பாடும். புளூடூத் பட்டியலில் வாட்சின் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டு ‘Media audio’வை அணைத்தால் பாட்டு வீடு திரும்பும், அழைப்பு வசதி அப்படியே இருக்கும். சில வாட்சுகளில் பாட்டுப் பட்டன்களும் இதே வழியில்தான் போகின்றன. அணைத்ததும் பட்டன்கள் செத்துவிட்டால் உங்களுடையது அந்த வகை. அப்போது ‘Media audio’வை விட்டுவைத்து, பாட்டு அட்டையின் மூலையிலுள்ள குறியைத் தொட்டு ஒலி எங்கே கேட்க வேண்டுமென்று தேர்ந்தெடுக்கலாம்.

ஐபோன்காரர்களுக்கு இந்த அனுமதித் தொல்லை இல்லை. பாட்டுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஆப்பிள் ஒரு புளூடூத் சேவையை ஐபோனுக்குள் வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வாட்சுகள் நேரே போனோடு பேசும், ஒலியை ஏற்றி இறக்குவதும் அதன் வழியேதான். ஆனால் புளூடூத் பட்டியலில் வாட்ச் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். பட்டன்கள் நின்றால் வாட்ச் ஆப்பிலிருந்து நீக்குவதோடு நின்றுவிடாதீர்கள். புளூடூத் பட்டியலிலும் ‘Forget This Device’ கொடுத்து, இரண்டையும் அணைத்துப் போட்டு, புதிதாக இணையுங்கள். இதில் பாதியை மட்டும் செய்துவிட்டுச் சரியாகவில்லை என்பவர்களே அதிகம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பட்டன் பேசவில்லையானால், பழைய போனில் வாட்சை நீக்கிவிட்டு வீட்டிலுள்ள இன்னொரு போனில் இணைத்துப் பாருங்கள். நீக்காமல் விட்டால் அது பழைய போனையே பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது போனில் வேலை செய்தால் முதல் போனின் அமைப்பில்தான் தேட வேண்டும். அங்கேயும் மௌனம் என்றால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பில்லோடு கடைக்குப் போங்கள்.