பின்னணி மாற ஒரு கடிதம்

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் சிறு கடைக்காரர், கேட்லாக்குக்காக 40 படங்களை எடிட்டருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பின்னணியை வெள்ளையாக்குங்கள்’ என்று ஒரு வரி மட்டும் எழுதினால், விளக்கு அந்தரத்தில் மிதப்பதுபோல் படம் திரும்பி வரும். கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் தம்பி. பின்னணி தூய வெள்ளையாக, ஆர்ஜிபி 255, 255, 255 என்று இருக்கட்டும். அடித்தட்டின் கீழே மெல்லிய நிழல் வேண்டும். எல்லாப் படத்திலும் அது ஒரே பக்கம் விழட்டும். உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்து வளைவுக்குள் பழைய பின்னணி தங்கிவிடும், அதையும் வெட்டிவிடுங்கள். பச்சைத் துணிமேல் வைத்து எடுத்ததால் பித்தளையில் பச்சை படிந்திருக்கிறது. அந்தப் பச்சையை மட்டும் குறையுங்கள். பித்தளையின் மஞ்சள் மாறக்கூடாது. முதலில் ஒரு படம் செய்து அனுப்புங்கள். பார்த்துச் சொன்ன பிறகு மற்றவற்றைத் தொடங்கலாம்.”

இதில் அதிகம் தவறுவது பச்சைதான். பித்தளை கண்ணாடிபோல் சுற்றியுள்ளதைப் பிரதிபலிக்கும். பின்னணியை வெட்டினாலும் பிரதிபலிப்பு பொருளிலேயே நிற்கும். படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள்; பச்சைக் கோடு தெரிந்தால் வேலை முடியவில்லை. பச்சையை அளவுக்கு மீறிக் குறைத்தாலோ பித்தளை செம்பு நிறமாகிவிடும். வாங்கியவர் ‘படத்தில் பார்த்தது வேறு’ என்று திருப்பி அனுப்புவார்.

அடுத்த முறை பச்சைத் துணியை விட்டு வெள்ளை அட்டைமேல் வைத்து எடுங்கள். பாதித் திருத்தம் அங்கேயே மிச்சமாகும்.