"ஒரு டிராப்டவுன் தானே?"

இந்த வார எபிசோட்ல நேரம் போதாம விட்ட கதை இது. டொரண்டோவில் ஒரு கிளினிக் நிறுவனத்துக்கு, நோயாளிகள் அப்பாயின்ட்மென்ட் எடுக்கிற போர்ட்டல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். 20 வாரம், 200,000 டாலர். பத்தாவது வாரக் கடைசியில் கிளையன்ட்டிடமிருந்து சாட்ல ஒரு மெசேஜ்: அம்மா தன் லாகின்லயே பிள்ளைக்கும் அப்பாயின்ட்மென்ட் எடுக்க முடியணும். "ஒரு டிராப்டவுன் தானே?"

நானும் அப்படித்தான் நினைச்சேன். நல்ல வேளை, கோட்ல கை வைக்கல. முதல்ல அதை CR-07 என்று பதிவு செய்து, பாதிப்பைக் கணக்குப் பார்த்தோம். எங்கள் டேட்டாபேஸ் முழுக்க 'ஒரு லாகின் என்றால் ஒரு நோயாளி' என்றுதான் கட்டப்பட்டிருந்தது. அதை மாத்தினா அனுமதி விதிகள் மாறும். பிள்ளையின் ரிப்போர்ட்டை யார் பார்க்கலாம் என்பதற்குப் புதுசா ஒரு சம்மதப் பக்கம் வேணும். ஏற்கெனவே பாஸான டெஸ்ட்களையும் திரும்ப ஓட்டணும். மொத்தம் 2 வாரம், 18,000 டாலர்.

இங்கேதான் எனக்குச் சபலம் வந்தது. அந்த நாளில் திட்டப்படி 100,000 டாலர் பெறுமதியான வேலை முடிஞ்சிருக்கணும். முடிஞ்சது 90,000 தான். SPI 0.9, அதாவது கிட்டத்தட்ட ஒரு வாரம் பிந்தியிருந்தோம். CR-07க்கு 3 வாரம் கேட்டா, எங்கட தாமதமும் அதுக்குள்ளயே மறைஞ்சிடும். நம்ம ஆளான மேனேஜரிடம் மெதுவா சொல்லிப் பார்த்தேன்.

"தம்பி, அவங்க கேட்டதுக்குத்தான் நாங்க நாள் கேட்கலாம். நாங்க பிந்தினதுக்குக் கேட்க ஏலாது."

கிளையன்ட்டும் நாங்களும் இருந்த சேஞ்ச் குழு, 2 வாரத்துக்கு ஒப்புதல் தந்தது. அன்றைக்கே ஸ்கோப் ஆவணம், கால அட்டவணை, பட்ஜெட் மூன்றையும் ஒன்றாக மாற்றினோம். புது பேஸ்லைன்: 22 வாரம், 218,000 டாலர். ஸ்கோப் ஆவணத்தை மட்டும் மறந்திருந்தா, கடைசி டெஸ்ட்ல குடும்ப லாகினை எதோட ஒப்பிட்டுப் பார்ப்பது என்றே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பட்ஜெட்டை மறந்திருந்தா, அந்த 18,000 எங்கள் வீண்செலவு மாதிரித் தெரிஞ்சிருக்கும்.

பழைய பேஸ்லைனை அழிக்காம எடுத்து வைத்தோம். முதல் பத்து வாரத்து எண்களையும் தொடவில்லை. புது வேலை எல்லாம் வரப்போகிற வாரங்களில்தான் போய் உட்கார்ந்தது. அதனால் SPI 0.9 ஆகவே நின்றது. அடுத்த ரிப்போர்ட்டில் 'பேஸ்லைன் 22 வாரம், எங்கள் கணிப்பு 23' என்று போக, அந்த ஒரு வாரத்துக்கு கிளையன்ட் காரணம் கேட்டார். சங்கடமான மீட்டிங் அது. ஆனால் CR-07 பில்லைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உங்கள் டீமில் ஒரு சேஞ்ச் ஒப்புதலானதும் பழைய தாமதம் திடீரென்று பூஜ்ஜியம் ஆனா, பேஸ்லைன் பைலைத் திறந்து கடந்த வாரங்களின் எண்களைப் பாருங்க. அங்கேதான் யாரோ கை வைத்திருப்பாங்க.