சமன்பாடு காட்டும் இரண்டு நேரங்கள்

15 மீட்டர் உயரமுள்ள மொட்டைமாடி. கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி, ஒருவர் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிகிறார். எத்தனை விநாடியில் அது தரையைத் தொடும்?

புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கு வசதிக்காக 10 என்று வைத்துக்கொண்டால், t விநாடியில் பந்தின் உயரம் 15 + 10t − 5t². தரையில் உயரம் பூஜ்யம். சுருக்கினால் t² − 2t − 3 = 0 என்ற இருபடிச் சமன்பாடு வரும். அதன் மூலங்கள் 3, −1.

நேரம் மைனஸில் வராது என்று எழுதி −1ஐ அடித்துவிடுவது பள்ளி வழக்கம். விடை சரிதான், காரணம்தான் போதாது. பந்து கையை விட்ட கணத்தில் நாம் கடிகாரத்தை ஓடவிட்டோம். அதனால் அந்தக் கணம் பூஜ்யம். அதற்கு ஒரு விநாடி முன்பும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கணத்தில் தரையில் நின்ற வேறொருவர் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை மேலே எறிந்திருந்தால், ஒரு விநாடியில் அது 15 மீட்டர் ஏறியிருக்கும்; வேகம் 10 ஆகக் குறைந்திருக்கும். அதாவது, மாடிக்காரர் எறியும் கணத்தில், அவர் கைக்குப் பக்கத்தில், அதே வேகத்தில் அதுவும் மேலே போய்க்கொண்டிருக்கும். −1 சொல்வது இந்தப் பந்தின் கதையை. சமன்பாட்டுக்கு நாம் கொடுத்த தகவல் உயரம், வேகம், முடுக்கம் ஆகிய மூன்று மட்டுமே. அதுவரை பந்து ஒரு கைக்குள் இருந்தது என்பதை நாம் சொல்லவே இல்லை. அந்தச் செய்தி நமக்குத் தெரியும் என்பதால்தான் −1ஐ விடுகிறோம்.

மைனஸைத் தள்ளினால் போதும் என்று பழகியவரை அடுத்த கணக்கு ஏமாற்றிவிடும். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் காரில் பிரேக் போடுகிறார்கள். விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. பிரேக் போட்ட இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு மின்கம்பம் சாலையோரம் நிற்கிறது. கார் அதை எப்போது கடக்கும்? 20t − 2.5t² = 30 என்று எழுதி, t² − 8t + 12 = 0 என்று சுருக்கினால், மூலங்கள் 2, 6. இரண்டுமே பிளஸ். எதை விடுவது?

ஒவ்வொரு நேரத்திலும் காரின் வேகம் என்ன என்று பார்த்தால் தெரிந்துவிடும். வேகம் 20 − 5t. 2ஆவது விநாடியில் அது 10. கார் முன்னோக்கிப் போகிறது. 6ஆவது விநாடியிலோ −10. பிரேக் போட்ட கார் பின்னோக்கி ஓடிவந்து, அதே கம்பத்தை மறுபடியும் கடக்கிறதாம்! உண்மையில் 4ஆவது விநாடியிலேயே, 40 மீட்டர் தூரத்தில், கார் நின்றுவிட்டது. அதன் பிறகு அந்தச் சமன்பாட்டுக்கு அங்கே வேலை இல்லை. எனவே 2 மட்டுமே விடை.

இதே கேள்வியைத் தரையிலிருந்து 20 மீட்டர் வேகத்தில் எறிந்த அந்தப் பந்திடம் கேட்டால் நிலைமை மாறும். அது 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும் என்றால், விடைகள் 1, 3. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, இரண்டும் உண்மை. கணக்கின் வடிவம் ஒன்றுதான். ஆனால் காரில் ஒரு மூலம் பொய், பந்தில் இரண்டும் மெய்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் விசைகளின் குணம். உச்சியில் பந்தின் வேகம் பூஜ்யமானாலும் புவியீர்ப்பு விடுவதில்லை. அதே பலத்தோடு கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிரேக்கின் உராய்வு அப்படியல்ல. ஓட்டம் எந்தத் திசையோ அதற்கு எதிராகத்தான் அது இயங்கும். சமதளச் சாலையில் ஓட்டம் நின்றால் அதுவும் நின்றுவிடும், வண்டியைப் பின்னால் தள்ளாது. சமன்பாட்டில் நாம் எழுதிய −5 என்ற எண்ணில் இந்தக் குணம் பதிவாகவில்லை. புவியீர்ப்பைப் போலவே அதையும் என்றைக்கும் மாறாத முடுக்கமாக எடுத்துக்கொண்டு, சமன்பாடு காரைத் திருப்பி அனுப்புகிறது.

இரண்டு விசைகளும் சேரும் இடத்தில்தான் அதிகக் கவனம் தேவை. சொரசொரப்பான சரிவுப் பலகையில் ஒரு மரக்கட்டையை மேல்நோக்கித் தள்ளிவிடுங்கள். ஏறும்போது ஈர்ப்பும் உராய்வும் சேர்ந்து அதைக் கீழ்நோக்கி இழுக்கும். இறங்கும்போது உராய்வு திசை மாறி, ஈர்ப்புக்கு எதிராக நிற்கும், முடுக்கம் குறையும். கட்டை நிஜமாகவே திரும்பி வரலாம். ஆனால் ஏற்றத்துக்கு எழுதிய சமன்பாட்டின் இரண்டாவது மூலம் சொல்லும் நேரத்துக்கு அது வராது, தாமதமாகத்தான் வரும். அங்கே உச்சியில் கணக்கை நிறுத்தி, இறக்கத்துக்குப் புதிய முடுக்கத்தோடு வேறொரு சமன்பாடு எழுத வேண்டும். சரிவு குறைவாக இருந்தால் உராய்வே கட்டையை உச்சியில் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது இரண்டாவது சமன்பாடே தேவைப்படாது.