சர்க்கரை மூன்று பிளஸ், பஸ் செல்ஸ் பத்து

52 வயதுப் பெண் ஒருவரின் யூரின் ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆல்புமின் ட்ரேஸ், சர்க்கரை +++, கீட்டோன் நில், பஸ் செல்ஸ் 8–10. வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். கிட்னி போச்சா, இன்ஃபெக்‌ஷனா?

பஸ் செல்ஸ் என்றால் சீழ் வடிகிறது என்று அர்த்தமில்லை. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள்தான் அவை. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வையில் 5 வரை தெரிவது இயல்பு. 8–10 கொஞ்சம் கூடுதல். ஆனால் அதற்குக் கீழே, பலரும் படிக்காமல் விடும் ஒரு வரி இருக்கிறது: எபிதீலியல் செல்ஸ் 15–20. இவை பெரும்பாலும் வெளித்தோலிலிருந்து உதிர்ந்து கலந்தவை. இத்தனை இருந்தால், வெள்ளை அணுக்களும் அங்கிருந்தே வந்திருக்கலாம். சாம்பிளைச் சரியாகப் பிடிக்கவில்லை. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிடுவது நல்லது. எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் கதை வேறு. அப்போது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்து சர்க்கரை. ரத்தத்தில் சுமார் 180 வரை உள்ள சர்க்கரையைச் சிறுநீரகம் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால்தான் சிறுநீரில் வழியும். இந்தப் பெண் சாப்பிடுவது டாபாகுளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான் அந்த மாத்திரையின் வேலையே. ஆகவே ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் இங்கே மூன்று பிளஸ் வரும். மாத்திரை சாப்பிடாதவருக்கு ‘நில்’ என்று வந்தாலும் நிம்மதியடைய முடியாது. ரத்தத்தில் 160 இருந்தால் சிறுநீரில் தெரியாது.

அதே மாத்திரையால் கீட்டோன் வரியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. உடல் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது வருவது கீட்டோன். பட்டினி கிடந்தாலோ கர்ப்பகால வாந்தியிலோ வரலாம். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு இரண்டு பிளஸ் கீட்டோனுடன் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 250-ஐத் தொடாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். குளுக்கோமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

மிச்சமிருப்பது ஆல்புமின் ட்ரேஸ். புரதத்தைத்தான் ரிப்போர்ட்டில் இப்படி எழுதுகிறார்கள். தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் கெட்டிப்பட்டிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கடுமையாக உழைத்திருந்தாலோ ட்ரேஸ் வந்து போகும். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு ஆரம்பக் கசிவு அந்தப் பட்டையில் தெரியாமலே போகலாம் என்பதுதான் சிக்கல். அதற்குத்தான் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்ற தனிப் பரிசோதனை. அதில் 30-க்குக் கீழே இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை சாம்பிளைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தால் பஸ் செல்ஸ் 2–3 என்று இறங்கக்கூடும். சர்க்கரை அதே மூன்று பிளஸ்தான். விகிதம் 64 என்று வந்தால், அதையும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொரு முறை எடுத்துப் பார்த்த பிறகே டாக்டர் கிட்னி பாதிப்பு என்று எழுதுவார்.