ரோஸ்ஸிக்கு எழுதும் மின்னஞ்சல்

மிலானில் உள்ள ஓர் ஆலைக்கு விலை விசாரித்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பொறுப்பில் இருப்பவர் ரோஸ்ஸி, பொறியாளர். 'ஜென்டிலே இஞ்சென்யேர் ரோஸ்ஸி' என்று தொடங்குங்கள். 'மதிப்பிற்குரிய பொறியாளர் ரோஸ்ஸி' என்பது போல. பட்டத்தின் பின்னால் வருவது குடும்பப் பெயர்தான். முதற்பெயரை ஒட்டினால் இத்தாலியருக்கு உறுத்தும். 'இஞ்சென்யேரே' என்ற சொல், ஆண் ஒருவரின் பெயருக்கு முன்னால் வரும்போது கடைசி 'ஏ'யை உதிர்த்துவிடும். விளிப்புக்குப் பின் காற்புள்ளி. அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும்.

வழக்கறிஞர் 'அவ்வொக்காத்தோ'. 'தொத்தோரே' மருத்துவருக்கு மட்டும் உரியதல்ல, பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எவருக்கும் பொருந்தும். பெண் என்றால் 'தொத்தோரெஸ்ஸா'. ஆனால் பொறியாளரை வெறும் 'தொத்தோரே' என்றால், அவருடைய தொழிற்பட்டத்தை விட்டுவிட்டதாகவே படும். பெயரை வைத்துப் பாலை ஊகிக்கவும் வேண்டாம்: ஆந்த்ரேயா, சிமோனே, நிக்கோலா மூன்றும் அங்கே பெரும்பாலும் ஆண் பெயர்கள். கையொப்பத்தில் Dott.ssa என்றிருந்தால் பெண்.

முடிக்கும்போது 'கோர்தியாலி சலூத்தி' எங்கும் செல்லும். 'திஸ்தின்தி சலூத்தி' இன்னும் விறைப்பானது. புகார்க் கடிதத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் அதுவே சரி. ரோஸ்ஸியே பட்டத்தை விட்டு முதற்பெயரில் கையெழுத்திட்டு 'நீ' என்று எழுதத் தொடங்கினால், நீங்களும் அப்படியே பதில் எழுதலாம். முதல் அடி அவருடையதாக இருக்கட்டும்.