ஒரே கடை, மூன்று முகம்

கதை சொல்லும் வீடியோ கேம்களில் நாயகனுக்கு எழுதுவதைவிடக் கடைக்காரருக்கு எழுதுவது கடினம் என்பேன். நாயகனின் உருக்கமான காட்சி ஒருமுறைதான் வரும். கடைக்கோ ஆடுபவர் திரும்பத் திரும்ப வருவார்.

துறைமுக ஊரில் விளக்கும் எண்ணெயும் விற்கும் முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கலகலப்பு, சாதாரணம், சிடுசிடுப்பு என்று அவருக்கு மூன்று மனநிலை. புதிதாக எழுதுகிறவர்கள் மூன்று தனி உரையாடல்களை எழுதத் தொடங்குவார்கள். அது தாங்காது. நான்கு சுற்றுப் பேச்சு, சுற்றுக்கு மூன்று தேர்வு, ஒவ்வொன்றும் தனிக்கிளை என்றால் 120 பதில்கள் தேவை; மூன்று மனநிலைக்கு 360. சுற்று முடிந்ததும் கிளைகளை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் 12 பதில்கள் போதும். மனநிலை தெரியவேண்டிய வரவேற்பு, விலை, வழியனுப்பல் ஆகியவற்றுக்கு மட்டும் மும்மூன்று வரிகள் எழுதலாம்.

இங்கிலாந்தின் இங்கிள் நிறுவனம் ‘80 டேஸ்’ (2014) கேமுக்குப் பயன்படுத்தி, 2016-இல் எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்ட ‘இங்க்’ மொழியில் வரவேற்பு இப்படி அமையும்:

```
VAR mood = 0
-> kadai

=== kadai ===
{
- mood >= 2: வாப்பா! உனக்குன்னு ஒரு விளக்கு எடுத்து வச்சிருக்கேன்.
- mood <= -2: காசை முதல்ல வை.
- else: என்ன வேணும்?
}
-> END
```

வாங்கினால் ஒன்று கூடும். அடாவடியாகப் பேரம் பேசினால் ஒன்று குறையும். எல்லை 2-இல் இருப்பதால் ஒரே சொல்லில் முகம் மாறாது. ஆனால் இந்த எண்ணுக்கு உச்சவரம்பு வேண்டும். இல்லையென்றால் முப்பது முறை வாங்கியவர் கடையிலேயே திருடினாலும் முதியவர் சிரித்துக்கொண்டிருப்பார். மேலே 3, கீழே -3 என்று நிறுத்துவது நல்லது. அப்போதுதான் கோபித்தவரையும் சமாதானப்படுத்த முடியும்.

இனி வசனம். “ரொம்பக் கோபமா இருக்கேன்” என்று சொல்லவைப்பது சோம்பேறித்தனம். கலகலப்பானவர் கேட்காததையும் சொல்வார். சாதாரணமாக இருப்பவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சிடுசிடுப்பவர் கேள்வியை விட்டுவிட்டுக் காசைப் பற்றிப் பேசுவார். “எண்ணெய் என்ன விலை?” என்ற கேள்விக்கு: “அஞ்சு காசு. உனக்கு நாலு போதும், திரியும் எடுத்துக்கோ.” “அஞ்சு காசு.” “வாங்குறதா இருந்தா கேளு. ஆறு.” மனநிலையை மறைத்துவிட்டு இந்த வரிகளை நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். எது யாருடையது என்று அவர் தடுமாறினால் திரும்ப எழுதுங்கள்.

பெரிய விபத்து வேறிடத்தில் நடக்கும். வடக்குப் பாலம் உடைந்த செய்தியை இந்த முதியவர்தான் சொல்லவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் அதைக் கலகலப்பு வரிகளில் மட்டும் சேர்த்திருந்தால், அவரைக் கோபப்படுத்தியவருக்குக் கதை அங்கேயே நின்றுவிடும். “பாலம் உடைஞ்சு கிடக்கு, என் உசிரை வாங்காதே” என்று எரிந்து விழுந்தாலும் சரி, செய்தி போய்ச் சேரவேண்டும். எழுதி முடித்ததும் சிடுசிடுப்புப் பாதையை முதலில் ஆடிப் பாருங்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் ஆடிப் பார்க்காமல் விடுவது அதைத்தான்.