வெறும் வயிற்றில் 108, ஹெச்பிஏ1சி 8.2: எது சரி?

ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் பல் துலக்கியதும் வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்க்கிறார். 105, 110, 108 என்றுதான் வருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர், லேபில் ஹெச்பிஏ1சி எடுக்கிறார். 8.2 சதவீதம். லேபில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் இரண்டு கணக்குமே சரியாகத்தான் இருக்கும். அவை சொல்லும் சேதிதான் வேறு.

ரத்தத்திலுள்ள சர்க்கரை, சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு எந்த நொதியின் உதவியும் தேவையில்லை. நன்றாக ஒட்டியபின் அது திரும்பக் கழன்று வராது. உப்பு நீரில் போட்ட மாங்காயைப் போலத்தான். நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ, எத்தனை நாள் ஊறுகிறதோ, அந்த அளவுக்கு மாங்காயில் உப்பு ஏறும். ஒரு சிவப்பணு உடம்பில் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. எடுத்த ரத்தத்தில் நேற்று பிறந்த அணுவும் இருக்கும், நான்கு மாதக் கிழட்டு அணுவும் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து, மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஹெச்பிஏ1சி. அதனால்தான் இந்தச் சோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காலையில் சாப்பிட்ட நான்கு இட்லி இதை அசைக்காது.

விரலில் எடுக்கும் சொட்டு அந்த நிமிடத்து அளவை மட்டும் காட்டுகிறது. நம் பெண்மணி பார்ப்பதோ, ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, நாளிலேயே பெரும்பாலும் குறைவாக இருக்கும் நேரத்தில். அவரிடம் மருத்துவர் ஒரே நாளில் ஏழு முறை பார்க்கச் சொல்கிறார்: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்தும், படுக்கப் போகும்போதும். காலை 108, டிபனுக்குப் பிறகு 238, மதியச் சாப்பாட்டுக்கு முன் 150, பின் 252, இரவுச் சாப்பாட்டுக்கு முன் 168, பின் 230, படுக்கும்போது 184. சராசரி 190.

இப்போது 8.2-ஐப் பார்ப்போம். ஹெச்பிஏ1சியை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் தோராயமான சராசரி சர்க்கரை அளவு கிடைக்கும். 8.2-க்கு அது 189 மில்லிகிராம். ஏழு சோதனைகளின் சராசரியும் இதுவும் ஒன்றையொன்று ஒட்டி வந்துவிட்டன. லேபும் பொய் சொல்லவில்லை, மீட்டரும் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை அவர் அதுவரை பார்க்கவே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், காலை அளவை மட்டும் நம்பிப் பல வருடங்களைக் கடத்துபவர்கள் நம்மில் அதிகம்.

மூன்று மாதச் சராசரி என்றாலும் மூன்று மாதமும் அதில் சமமாக இல்லை. கடைசி ஒரு மாதத்தின் பங்கு மட்டுமே கிட்டத்தட்டப் பாதி. ஆகவே மருந்தை மாற்றி ஒரு மாதத்திலேயே அளவு நகரத் தொடங்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

சராசரிக்கென்று ஒரு குறையும் உண்டு. ஒருவருக்குச் சர்க்கரை 140-க்கும் 170-க்கும் இடையில் அமைதியாக நிற்கலாம். இன்னொருவருக்கு விடியற்காலை 55-க்கு இறங்கி, மதியம் 270-க்கு ஏறலாம். இருவருக்கும் ஹெச்பிஏ1சி 7 என்றே வரக்கூடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கும் அந்தத் தாழ்சர்க்கரையை விரல் சோதனைதான் பிடிக்கும். இன்சுலின் போடுபவர்கள் ஹெச்பிஏ1சி நன்றாக இருக்கிறது என்று குளுக்கோமீட்டரைப் பெட்டியில் வைத்துவிடக் கூடாது.

சில சமயம் ஏழு முறை பார்த்தாலும் கணக்கு ஒத்து வராது. அப்போது முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே மீட்டரில் அளவை ஏற்றிக் காட்டிவிடும். அதன் பிறகும் ஒத்து வராவிட்டால் சிவப்பணுவைச் சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்குப் புது அணுக்கள் குறைவாகவே பிறக்கும். வயதான அணுக்கள் அதிகம் இருப்பதால், சர்க்கரை கூடாமலேயே ஹெச்பிஏ1சி கூடித் தெரியும். அவர்களே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் இளம் அணுக்கள் பெருகி, அளவு தானாக இறங்கும். சர்க்கரை குறைந்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். ரத்தம் அதிகமாக வெளியேறியவர்களுக்கும், அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்களுக்கும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் இந்த அளவை நம்ப முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் ஃப்ரக்டோசமைன் என்ற சோதனையை எழுதித் தருவதுண்டு. அது சிவப்பணுவைத் தொடாமல், ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையைப் பார்த்துக் கடைசி இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும்.